‘நல்ல தேன்தான் கொடுத்தோம்’

ஆறாவது வாரத் தடுப்பூசிக்காகக் குழந்தையை அழைத்து வரும் பெற்றோரிடம் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவில் தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறோம்: தாய்ப்பாலைத் தவிர வேறு ஏதேனும் குழந்தையின் வாயில் வைத்தீர்களா? பலரும் முதலில் இல்லை என்பார்கள். சற்றுப் பொறுத்து, உடன் வந்த பாட்டியார், “சேனை வைத்தபோது நாக்கில் ஒரு சொட்டுத் தேன் தொட்டு வைத்தோம். கடைத் தேன் இல்லை, மலையிலிருந்து நேரே வந்த நல்ல தேன்தான் கொடுத்தோம்” என்பார். வேறொரு குடும்பத்தில் இதே பதில் தலைகீழாக வரும்: “மலைத்தேன் எல்லாம் இல்லை டாக்டர், முத்திரை போட்ட பாட்டில் தேன், சுத்தம் செய்தது.” இரு வீட்டாரும் குழந்தையின் நலனை எண்ணியே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் தேர்வு நடந்த இடம்தான் சரியில்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேன் நல்லது என்ற கேள்விக்கு விடையே கிடையாது. கலப்படமற்ற தேனுக்கும் சுத்திகரித்த தேனுக்கும் காட்டுத் தேனுக்கும் இந்த ஒரு விஷயத்தில் வேறுபாடு இல்லை என்பதே எங்கள் கருத்து. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

மண்ணிலும் தூசியிலும் வாழும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிர் ஒன்று உண்டு. காற்றும் ஈரமும் உணவும் தனக்கு ஏற்றபடி அமையாதபோது அது தன்னைச் சுற்றித் தடித்த ஓடு ஒன்றை அமைத்துக்கொண்டு உறங்கிவிடும். ஸ்போர் எனப்படும் இந்த வித்து நிலையில் அது ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வல்லது. பூவுக்குப் பூ தாவும் தேனீயின் உடலில் ஒட்டியோ, காற்றில் வரும் தூசியுடனோ இந்த வித்துகள் தேன்கூட்டுக்குள் வந்து சேர்கின்றன. தேனில் நீர் மிகக் குறைவு, சர்க்கரை மிக அதிகம், புளிப்புத் தன்மையும் உண்டு. ஆகவே வித்து அங்கே முளைக்காது, சாகவும் செய்யாது. தேன் கெட்டுப்போவதில்லை என்று நாம் வியக்கிறோம். தேனைக் கெடாமல் காக்கும் அதே தன்மைதான் இந்த வித்தையும் உறங்கும் நிலையிலேயே வைத்திருக்கிறது. கெட்டுப்போன உணவில் காணும் நாற்றமோ நுரையோ நிறமாற்றமோ இங்கு எதுவும் இராது. பார்த்தோ முகர்ந்தோ சுவைத்தோ கண்டுபிடிக்க வழியில்லை.

பெரியவர்கள் இந்த வித்துகளைத் தேனோடும் காய்கறியோடும் அறியாமலே உண்டுகொண்டுதான் இருக்கிறோம். நம் குடலில் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புதியவனுக்கு இடம் தருவதில்லை. வித்து வந்த வழியே வெளியேறிவிடும். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் குடலில் இந்தக் குடியிருப்பு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. காற்றில்லாத, வெதுவெதுப்பான, போட்டியில்லாத அந்த இடத்தில் வித்து முளைத்துப் பெருகி நச்சைச் சுரக்கத் தொடங்குகிறது. அந்த நச்சு இரத்தத்தில் கலந்து, நரம்பு தசையைத் தொடும் முனைகளில் போய் அமர்ந்து, நரம்பு அனுப்பும் கட்டளை தசைக்குச் சேராதபடி அடைத்துவிடுகிறது. இதன் விளைவு தசைத்தளர்ச்சி. குழந்தைகளுக்கு வரும் இந்நோயை மருத்துவ உலகம் 1976ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில்தான் முதன்முதலாக அடையாளம் கண்டது. அங்கே சில ஆண்டுகளுக்குள் நடந்த ஆய்வில், தேன் மாதிரிகள் தொண்ணூறைப் பரிசோதித்தபோது ஒன்பதில் இந்நுண்ணுயிர் இருந்தது. நம் பாட்டிமார்களும் அவர்களுடைய பாட்டிமார்களும் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை; அறியாததில் அவர்கள் குற்றமும் இல்லை.

“அப்படியானால் காய்ச்சிக் கொடுக்கலாமே” என்பது அடுத்து வரும் கேள்வி. சுத்திகரித்த தேன் என்பதன் பொருளை இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டிலிருந்து எடுத்த தேனில் மகரந்தமும் மெழுகுத் துணுக்கும் நுரையும் கலந்திருக்கும். ஈரம் அதிகமானால் அதிலுள்ள ஈஸ்ட் பெருகித் தேன் புளித்துப் பொங்கும். ஆகவே ஆலைகளில் தேனை ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, நுண்ணிய வடிகட்டியில் செலுத்தி, ஈரத்தைக் குறைத்துப் பாட்டிலில் அடைக்கிறார்கள். ஈஸ்ட் அழிவதற்கும் உறைந்த சர்க்கரைப் பரல்கள் கரைவதற்கும் அந்தச் சூடு போதும். பாட்டுலினம் வித்துக்கோ அது இளவெயில் போன்றது. கொதிக்கும் நீரின் 100 பாகைச் சூட்டையும் அந்த வித்து தாங்கும். அதை அழிக்க எங்கள் அறுவை அரங்கின் ஆட்டோகிளேவில் இருப்பது போன்ற அழுத்த நீராவியும் 121 பாகை வெப்பமும் தேவை. அந்தச் சூட்டில் தேன் தன் மணமும் நிறமும் இழந்து கருகிய பாகாகிவிடும். எனவே வீட்டு அடுப்பில் காய்ச்சுவதாலோ வெந்நீரில் கலப்பதாலோ பால்கஞ்சியில் இட்டுக் கொதிக்க வைப்பதாலோ ஒன்றும் மாறுவதில்லை.

தேனின் குணம் கெடாமல் வித்தை மட்டும் அழிக்கும் வழி ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆறாப் புண்களுக்கு மருத்துவமனைகளில் பயன்படும் மருத்துவத் தேனைக் காமாக் கதிர் பாய்ச்சித் தூய்மைப்படுத்துகிறார்கள். புண்ணில் தடவும் தேனுக்கே இவ்வளவு முன்னெச்சரிக்கை தேவைப்படுகிறது. கடையில் உணவாக விற்கும் தேன் அப்படிப் பதப்படுத்தப்படுவதல்ல.

இனி, பச்சைத் தேன். மலைப்பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் தொங்கும் பெருந்தேனீயின் கூட்டிலிருந்து எடுப்பது, பெட்டிகளில் வளர்க்கும் அடுக்குத் தேனீயிடமிருந்து எடுப்பது, மரப்பொந்தில் வாழும் கொசுத்தேனீயிடமிருந்து எடுப்பது என்று நம் ஊரில் பல வகை. மார்த்தாண்டம் பக்கத்துப் பெட்டித் தேனுக்கும் நீலகிரி மலைத்தேனுக்கும் சுவையும் நிறமும் வேறு வேறு. சூடாக்காத இத்தேனில் மகரந்தமும் நொதிகளும் மிகுந்திருப்பது உண்மை. ஆயினும் கூட்டைக் கையால் பிழிந்து எடுக்கும்போது புழுவும் மண்ணும் தூசியும் சேர்ந்து வருவதும் உண்மை. பெரியவர்கள் அதன் சுவைக்காக விரும்பி உண்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ‘இயற்கையானது’ என்ற சொல்லைக் கைக்குழந்தைக்குப் பாதுகாப்பானது என்று பொருள்கொள்வதைத்தான் மறுக்கிறோம். பாட்டுலினமும் இயற்கையானதே.

கலப்படத் தேனைப் பற்றி மக்களுக்குள்ள அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில், தில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், இந்தியச் சந்தையில் விற்கும் 13 நிறுவனங்களின் தேனை ஜெர்மனியின் ஆய்வகம் ஒன்றில் அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனைக்கு அனுப்பி, பெரும்பாலானவற்றில் சர்க்கரைப்பாகு கலந்திருப்பதாக அறிவித்தது. நிறுவனங்கள் சில அதை மறுத்தன. அந்தச் செய்தியில் நாங்கள் கவனித்தது வேறொன்று. வழக்கமான சோதனைகளில் தேறிய தேன்களே நுட்பமான சோதனையில் தவறின. முன்பு கரும்பு, மக்காச்சோளப் பாகு கலந்தார்கள். அவற்றைக் கண்டுபிடிக்கும் சோதனை வந்ததும் அரிசி முதலியவற்றிலிருந்து அச்சோதனைக்குச் சிக்காத பாகு வந்துவிட்டது. ஆய்வகத்தையே ஏய்க்கும் பாகை, ஒரு தம்ளர் தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்த்தோ, திரியில் தோய்த்துக் கொளுத்திப் பார்த்தோ, எறும்பு மொய்க்கிறதா என்று காத்திருந்தோ பிடிக்க முடியுமா? நல்ல கெட்டியான பாகும் தண்ணீரில் நூல்போல் இறங்கும். ஈரம் மிகுந்த உண்மைத் தேன் உடனே கரைந்துவிடும். குளிர்காலத்தில் தேன் உறைந்து பரல் கட்டினால் சர்க்கரை கலந்தது என்று கொட்டிவிடுபவர்களும் உண்டு. அது பெரும்பாலும் தேனின் இயல்பே. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும்.

கலப்படம் பணத்தை ஏமாற்றுவது. நீரிழிவு நோயாளியின் கணக்கையும் குலைப்பது. அதை எதிர்ப்பதில் நாங்களும் உடன்படுகிறோம். ஆனால் கலப்படமில்லை என்று எந்த ஆய்வகம் சான்றளித்தாலும், அச்சான்று சர்க்கரையைப் பற்றியதே, வித்தைப் பற்றியதன்று. பாதிக்குப் பாதி பாகு கலந்த பாட்டிலிலும் மீதிப் பாதி தேன்தான். வித்து எதிலும் இருக்கலாம், எதிலும் இல்லாமலும் போகலாம். ஒரு துளியில் உண்டா இல்லையா என்று சொல்ல வீட்டில் ஒரு வழியும் இல்லை.

நோய் எப்படி வருகிறது என்பதை ஒரு குழந்தையை வைத்துக் காண்போம். இது குறிப்பிட்ட எவருடைய கதையும் அன்று. இந்நோயின் வழக்கமான போக்கு. மூன்று மாதக் குழந்தை, நன்றாகப் பால் குடித்து எடை கூடி வந்தது. இருமலுக்கென்று தேனில் குழைத்த மருந்து சில நாள் கொடுக்கப்பட்டது. தேன் உள்ளே போன மூன்றாம் நாளிலிருந்து முப்பதாம் நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் நோய் தலைகாட்டலாம் என்பதால், தேனையும் நோயையும் குடும்பத்தார் தொடர்புபடுத்துவதே இல்லை. முதலில் மலச்சிக்கல். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள் மலம் கழிக்காமல் இருப்பது இயல்புதான்; அது நன்றாகப் பால் குடித்து, கை கால் உதைத்து விளையாடும் வரை அஞ்ச வேண்டியதில்லை. இக்குழந்தையோ நான்காம் நாள் மார்பைப் பற்றுகிறது, உறிஞ்ச வலுவில்லை. வாயோரம் பால் வழிகிறது. அழுகை மெலிந்து பூனைக்குட்டியின் குரல்போல் ஆகிறது. இமைகள் பாதி இறங்கி, முகத்தில் சிரிப்பும் சுளிப்பும் அற்றுப்போகின்றன. சென்ற வாரம் நிமிர்த்திப் பிடித்த தலை இப்போது பின்னால் சாய்கிறது. தூக்கினால் துணிபோல் துவள்கிறது. பெரும்பாலும் காய்ச்சல் இராது. தளர்ச்சி தலையிலிருந்து கீழ்நோக்கி இறங்கி, மூச்சுத் தசைகளை எட்டும்போதுதான் உயிருக்கு ஆபத்து.

அந்த நிலைக்கு முன்பே மருத்துவமனைக்கு வந்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள். மூச்சுக்கு வெண்டிலேட்டர், மூக்குவழிக் குழாயில் பால், கவனமான செவிலியர் பணி என்று வாரக்கணக்கில் தாங்கிப் பிடித்தால் நரம்பு புதிய முனைகளை வளர்த்துக்கொள்ளும். குழந்தை முழுமையாக மீளும். நச்சை முறிக்கவென்றே மனித இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புமருந்து ஒன்றுக்கு 2003இல் அமெரிக்கா உரிமம் வழங்கியது. அதைக் கலிபோர்னிய அரசின் பொதுநலத் துறை வழங்குகிறது. நம் ஊர் மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி வாங்கக்கூடிய பொருளன்று அது. நோயை உறுதிசெய்யும் மலப் பரிசோதனையும் எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை. ஆகவே இங்கு நோயை ஐயுறுவதற்கு எங்களுக்குள்ள முதற்கருவி குடும்பத்தார் சொல்லும் வரலாறுதான்.

அனைவரும் பிழைப்பதுமில்லை. ஜப்பானில் தேனைக் குழந்தைகளுக்குத் தரக்கூடாதென்று அரசு 1987ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியிருந்தது. இருந்தும் 2017ஆம் ஆண்டு டோக்கியோவில் ஆறு மாதக் குழந்தை ஒன்று இந்நோயால் இறந்தது. இணை உணவாகப் பழச்சாற்றில் தேன் கலந்து ஏறத்தாழ ஒரு மாதம் கொடுத்திருந்தார்கள். உடலுக்கு நல்லது என்றே நம்பிக் கொடுத்தார்கள். மறு ஆண்டு அமெரிக்காவின் டெக்சாசில் நான்கு குழந்தைகள் இதே நோயுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் சப்பிய ரப்பர் நிப்பிளுக்குள் தேன் அடைத்திருந்தது. வாயில் ஊற்றினால்தான் என்றில்லை; நிப்பிளில் தடவுவதும் பல் முளைக்கும் ஈறில் தேய்ப்பதும் கொடுத்ததாகவே ஆகும்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்நோய் மிக அரிது. தேன் தொட்டு வைத்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. மேலைநாடுகளில் இந்நோய் வந்த குழந்தைகள் பலர் தேனையே கண்டதில்லை. அவர்களுக்கு வித்து தூசியிலிருந்து வந்திருக்கும். “எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகக் கொடுக்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்லும் பெரியவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் தூசியை நம்மால் நிறுத்த முடியாது. தேனை நிறுத்த முடியும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்னும்போது, தேனால் குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய நன்மை எதுவுமில்லை. ஒரு பக்கம் சிறிய அபாயம், மறுபக்கம் வெறுமை. இந்தக் கணக்கில் எங்களுக்கு ஐயமே இல்லை.

இன்னொரு கவலை எங்கள் சக மருத்துவர்களைப் பற்றியது. தேன் கொடுத்ததாகச் சொன்ன தாயைக் கடிந்துகொள்ளும் வழக்கம் மருத்துவமனைகளில் இன்னும் இருக்கிறது. கடிந்தால் அடுத்த தாய் மறைப்பார். மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு காரணம் சொன்னால் போதும். துவண்டு, பால் குடிக்காத கைக்குழந்தை வந்தால் இரத்தத்தில் கிருமித் தொற்று என்று முதலில் எண்ணி ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஊசிகளைத் தொடங்குவது வழக்கம். பிற குழந்தைகளுக்கு அது சரியான சிகிச்சையே. பாட்டுலிசம் உள்ள குழந்தைக்கு மட்டும் இவ்வகை மருந்து நரம்பு–தசை அடைப்பை மிகுதியாக்கி மூச்சை விரைவில் நிறுத்திவிடக்கூடும். “இரண்டு வாரத்துக்கு முன் தேன் கொடுத்தோம்” என்ற ஒரு வரி எங்களை வேறு மருந்துக்குத் திருப்பும். அவசரப் பிரிவில் அந்த வரியைச் சொல்லும் பாட்டியாரை யாரும் குறைசொல்ல மாட்டோம் என்று எங்கள் பிரிவின் சார்பில் உறுதி கூறுகிறோம்.

சேனை வைக்கும் வழக்கத்தைக் கைவிடச் சொல்கிறோமா என்று சிலர் வருத்தத்துடன் கேட்கிறார்கள். குடும்பத்தில் நற்குணம் படைத்த ஒருவர் முதன்முதலில் குழந்தையின் நாவைத் தொட வேண்டும் என்பதே அச்சடங்கின் உட்பொருள். தேனோ சர்க்கரைத் தண்ணீரோ அதற்கு உயிர்நாடியல்ல. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் சீம்பாலைக் குழந்தை குடிக்கட்டும். பெரியவர் குழந்தையை மடியில் வாங்கி வாழ்த்தட்டும். எங்கள் பிரசவ வார்டில் சில குடும்பங்கள், கை கழுவிய பெரியவர் ஒருவர் சுத்தமான பாலாடையில் ஒரு சொட்டுச் சீம்பாலை எடுத்துக் கொடுப்பதையே சேனையாகக் கொண்டுள்ளன. உரைமருந்து போன்றவற்றை ஆறு மாதத்துக்குள் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சித்த மருத்துவரிடம் சிகிச்சை பெறுபவர்கள், குழந்தைக்கு ஒரு வயது நிறையவில்லை என்பதைச் சொல்லி, அனுபானமாகத் தேன் வேண்டாம், வேறொன்று கூறுங்கள் என்று கேட்க வேண்டும்.

பால் கொடுக்கும் தாய் தேன் உண்ணலாமா என்பது இம்மாதமும் மூன்று பேர் கேட்ட கேள்வி. உண்ணலாம், வித்து தாய்ப்பாலில் இறங்குவதில்லை. தேன் எடுத்த கரண்டியைக் குழந்தையின் கிண்ணத்தில் வைக்காமலும், கையைக் கழுவிக்கொண்டும் இருந்தால் போதும். தேன் சேர்த்த பிஸ்கட், தானியமாவு ஆகியவற்றின் உறையைப் படித்துப் பார்த்து ஓராண்டு வரை தவிருங்கள். முதல் பிறந்தநாளுக்குப் பிறகு தடை நீங்குகிறது. அப்போது இருமலுக்குப் படுக்கப் போகும் முன் அரைத் தேக்கரண்டி தேன் கொடுப்பதை நாங்களே பரிந்துரைக்கிறோம். அந்த வயதில் கடையில் விற்கும் பல இருமல் சிரப்புகளைவிட அது மேல். கொடுத்தபின் பல்லைத் துடைத்துவிடுங்கள்.